எட்டாம் திகதி யாருடையது

மீராசாகிபு நானா தன் கல்யாண மண்டபத்துக்கு இணையத்தளம் வேண்டும் என்று வந்தபோது, அவருக்கு முதலில் தேவை நாள் எழுதிவைக்க ஒரு நல்ல கொப்பி என்றுதான் எனக்குப் பட்டது. வவுனியாவில் மூன்று கணினியும் ஒரு தொலைபேசி இணைப்பும் வைத்துக் கடை நடத்துகிறவள் நான். மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் பெயரெடுத்தவள். ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் அவரோ கடைத்தெருவில் எதிர்ப்பட்ட யார் "அந்த நாளை எனக்கு வச்சிருங்கோ" என்றாலும் தலையாட்டுகிறவர். போன வருடம் ஒரே நாளுக்கு இரண்டு தலையாட்டி, இரண்டு வீட்டாரும் வாசலில் நின்று கத்தினார்கள்.

அது இரண்டாயிரத்து ஐந்து, ஆனி மாதம். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம். கனடாவில் இருந்தும் சுவிசில் இருந்தும் ஆட்கள் இரண்டு கிழமை லீவில் வந்து கல்யாணம் முடித்துப் போனார்கள். அங்கிருந்தே மண்டபத்தைப் பார்க்க வேண்டும், நாள் இருக்கிறதா என்று அறிய வேண்டும், விலை தெரிய வேண்டும். நானா கேட்டது இவ்வளவுதான்.

படம் பிடிக்க ஒரு பகல் போனது. மண்டபத்தின் நடுவில் கமராவை ஒரே உயரத்தில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பதினாறு படம். ஒன்றின் ஓரம் அடுத்ததிலும் வர வேண்டும், அப்போதுதான் கணினி ஒட்டும். ஒட்டியபின் மவுஸைப் பிடித்து இழுத்தால் மணவறை, கதிரை வரிசை, வாசல் என்று மண்டபமே சுற்றி வரும். முதல்முறை பார்த்தால் நானா இரண்டு இடத்தில் நின்றார். கமரா திரும்பத் திரும்ப அவரும் கூடவே நடந்திருக்கிறார். அவரை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு மறுபடி பிடித்தேன்.

விலைக்கு மூன்று வகை போட்டோம். மண்டபம் மட்டும், மண்டபத்தோடு சோடனை, சாப்பாடும் சேர்த்து. சாப்பாட்டுக்கு ஆள் கணக்கில் தனி விலை. மரக்கறிச் சமையலுக்குத் தனிக் குசினி, தனிப் பாத்திரம் என்பதைக் கொட்டை எழுத்தில் போட வைத்தேன். சைவ வீட்டார் முதலில் கேட்பது அதைத்தான்.

நாட்காட்டியில்தான் சண்டை. பச்சை என்றால் நாள் இருக்கிறது, சிவப்பு என்றால் எடுத்தாயிற்று. நானாவின் தலையாட்டலுக்காக நடுவில் மஞ்சள் வைத்தேன். முதலில் எழுதிக் கேட்டவரின் பெயரில் நாள் ஐந்து நாளைக்கு மஞ்சளில் நிற்கும், முற்பணம் வேண்டாம். அதை அந்தப் பெயருக்கு உரியவர் மட்டும்தான் உறுதிப்படுத்தலாம், அல்லது வேண்டாமென்று விடலாம். ஐந்து நாள் கழிந்தால் பச்சை. "நாட்காட்டி பொய் சொன்னா நான் இந்த வேலையை விட்டுட்டுப் போயிடுவன் நானா" என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

தளம் ஏறிய மூன்றாம் கிழமை, அதிலுள்ள படிவம் வழியாக அந்த விசாரணை வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டியிருந்தது. எழுதியவள் கஜேந்தினி, செட்டிகுளம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவி, லீவில் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"செப்டம்பர் எட்டு பச்சையில இருக்கு. தயவுசெய்து அதைச் சிவப்பாக்குவீங்களோ? மாப்பிள்ளை சுவிஸ். உங்கட மண்டபத்தைக் கணினியில சுத்திச் சுத்திப் பாத்து, இதுதான் வேணும் எண்டு நிக்கிறார். என்ர படத்தை அவ்வளவு தரம் பாத்திருக்க மாட்டார். அவற்ற லீவுக்குள்ள வாற ஒரே முகூர்த்தம் எட்டாம் திகதி. பயிற்சி முடியுமட்டும் கலியாணம் செய்யமாட்டன் எண்டு கையெழுத்து வச்சுத்தான் கல்லூரிக்குப் போனனான். இன்னும் ஒண்டரை வருசம் கிடக்கு. அப்பா சந்தோசத்தில நிக்கிறார். சொல்ல வாய் வரேல்ல."

விசாரணை எல்லாவற்றையும் அச்செடுத்து நானாவிடம் கொடுப்பது ஒப்பந்தம். எழுதியவரை அவர் அன்றே தொலைபேசியில் கூப்பிடுவார். வாசித்து முடித்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வீட்டு நம்பர் போட்டிருக்கே. தகப்பனோட கதைப்பம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எழுதினது தகப்பன் இல்லை நானா. நம்பர் போடாமல் படிவம் போகாது எண்டு செய்தது நான். அந்தப் பிள்ளை வேற வழியில்லாமல் போட்டது."

"அப்ப சிவப்பாக்குவமோ?"

அதற்கும் எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லாத நாட்காட்டி என்று நான்தான் சத்தம் போட்டவள். ஆனால் அந்தப் பிள்ளையைக் கைவிடவும் முடியவில்லை. நானா கண்ணாடியைத் துடைத்தபடி, "என்ர றாபியாவையும் நான் கேக்கேல்ல" என்றார். எப்போதோ கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிச் சொன்னார்.

அன்றிரவே எழுதினேன். சிவப்பு பொய், அதைப் போட முடியாது. ஆனால் அந்த நாளை முதலில் கேட்டது நீதான், உன் பெயரில் மஞ்சளாக்கலாம். அப்பா வந்தால் உன் பெயரைச் சொல்ல வேண்டி வரும். சம்மதமா என்று கேட்டேன்.

மறுநாள் ஒரு வரி வந்தது. "ஓம் அக்கா, என்ர பேரிலயே போடுங்கோ."

இரண்டு நாள் கழித்து அவள் தகப்பன், சங்கிலி என்பவர், பஸ் பிடித்து மண்டபத்துக்கு வந்தார். நானா அவரை என் கடைக்குக் கூட்டிவந்தார். தேய்த்த வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். வயல் செய்யும் கமக்காரரின் தடித்த விரல்களால் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு நுனியில் இருந்தார்.

"செப்டம்பர் எட்டு எங்களுக்கு வேணும் ஐயா."

"அந்த நாள் மஞ்சளில கிடக்கு" என்றார் நானா.

"ஆற்ற பேரில?"

நானா என்னைப் பார்த்தார். நான் கணினித் திரையைச் சங்கிலியின் பக்கம் திருப்பினேன். சங்கிலி மகளின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். முகம் மலர்ந்தது.

"பாருங்கோவன், எனக்கு முதல் அவவே கேட்டிட்டா. அப்ப உறுதிப்படுத்துங்கோ."

அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நானாதான் சொன்னார். "அது அவ சொல்லோணும். இந்தப் போனில இருந்தே எடுத்துக் கதையுங்கோ. என்ன செய்யிறதெண்டு ஒருக்கால் பிள்ளையைக் கேளுங்கோ."

சங்கிலி வீட்டு எண்ணை மெதுவாகச் சுழற்றினார். "பிள்ளை, எட்டாம் திகதி உன்ர பேரில இருக்காம். என்ன சொல்லட்டும்?" என்றார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்ல?" என்றார். மறுமொழியைக் கேட்டார். "ஓம்," என்றார் கடைசியில், "நான் கேக்கேல்லத்தான்."

தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "அந்த நாளை விடுங்கோ அக்கா" என்றாள் கஜேந்தினி. அழுதுகொண்டுதான் சொன்னாள், ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

நான் மவுஸில் கை வைத்தேன். சங்கிலி என்னைத் தடுத்தார்.

"இப்ப பச்சையாக்கினா சுவிசில தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப கொஞ்சம் பொறுங்கோ. மாப்பிள்ளை மதுசன் அதில பாத்து அறியக்கூடாது. என்ர வாயால சொல்லோணும்."

மஞ்சளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. விட்டுவைத்தேன்.

மறுநாள் பின்னேரம் கடைக்கு அழைப்பு வந்தது. சங்கிலியின் குரல் தொய்ந்திருந்தது.

"சொல்லிப்போட்டன் பிள்ளை. பெடியன்ர தாய் தகப்பன் கோவத்தில போனை வச்சிட்டினம். அதுக்குப் பிறகு பெடியன் தனிய எடுத்தவன். அவளுக்கு விருப்பமோ எண்டு தானும் என்னட்ட எத்தினையோ தரம் கேட்டவனாம். ஓம், அவ சந்தோசமா இருக்கிறா எண்டு ஒவ்வொரு தரமும் மறுமொழி சொன்னது நான்தானாம்."

நாட்காட்டியில் எட்டாம் திகதி இன்னும் மஞ்சளில் நின்றது.

"இனிப் பச்சையாக்குங்கோ" என்றார்.