யாருக்கென்று சொல்லாத சமையல்

"ராத்திரிக்கு என்னங்க செய்யலாம்?"

நாலு மணி டீக்காக மெஷின்கள் நின்றிருந்தன. மோட்டார் ஒர்க்‌ஷாப்பின் மேஸ்திரி சென்னகேசவன் இப்படிக் கேட்டதும், லேத்தில் நிற்கும் காளிச்சாமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். பதினெட்டு வருஷத்தில் அவர் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"அக்கா வெள்ளகோயில் போயி ஒரு வாரந்தான் ஆச்சு. அதுக்குள்ள அண்ணன் கரண்டியப் புடிச்சுட்டாரு பாருங்க!" என்றான்.

"ஒருத்தருக்கு என்னத்துக்குங்ணா சமையல்?" என்றான் பக்கத்து மெஷினில் நிற்கும் ஜெரோம். "பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட். வேலை முடிஞ்சுது."

"இவன் கெடக்கறானுங்க. கொள்ளு ரசம் வெய்யுங்க. சளி கிளியெல்லாம் ஓடிப்போகும்" என்றான் காளிச்சாமி.

சென்னகேசவன் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் அது. மனைவி பத்மாவதி தன் அக்கா வீட்டுக்கு வெள்ளகோயில் போயிருப்பதாக ஒர்க்‌ஷாப்பில் சொல்லியிருந்தார். சிங்காநல்லூரில் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில், அவள் பல் எடுத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். இரண்டும் பத்மாவதி சொல்லச் சொன்னவை. மகள் பிந்துவுக்குத் தையில் கல்யாணம். சேலத்தில் ஹாஸ்டலில் இருந்த அவளுக்கே தெரியாது. நாக்கில் புற்று என்று வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று பயம்.

நாலு வாரமாக ஆஸ்பத்திரியில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொண்டிருந்தார்கள். வாயெல்லாம் வெந்து, பேச்சு நின்று, மூன்று நாளாகப் பாலும் இறங்கவில்லை. மறுநாள் காலை எடை பார்ப்பார்கள். நாற்பது கிலோவுக்குக் கீழே போனால் மூக்கு வழியாகக் குழாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வார்டில் குழாயோடு கிடந்த ஒருத்தியைப் பார்த்த நாளிலிருந்து பத்மாவதிக்கு அந்தப் பயம்தான். நேற்று ஒரு தாளில், வீட்டில் பேசும் தெலுங்கில், எழுதிக் காட்டினாள்: அது மட்டும் வேண்டாம். போன வாரம் நாற்பத்தொன்று இருந்தாள். இன்று ராத்திரி அவள் எதையாவது சாப்பிட்டாக வேண்டும்.

மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றும் ராமாமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இவங்க பேச்சக் கேக்காதீங்ணா. அரிசிம்பருப்பு போட்டுருங்க. ஒரே பாத்திரம். வெங்காயம், பூண்டு, தக்காளி, ரெண்டு வரமொளகா, கொஞ்சம் மொளகு சீரகம். தாளிச்சு, அரிசியும் பருப்பும் போட்டு மூடுனீங்கன்னா இருவது நிமிசம். கொழந்தைகூடச் செஞ்சுபோடும்."

"காரமில்லாமச் செய்யலாமா அம்மணி?"

"காரமில்லாமயா? அப்பறம் அதுக்கு ஆஸ்பத்திரிக் கஞ்சியக் குடிக்கலாமுங்க!"

காளிச்சாமி சத்தமாகச் சிரித்தான். ராமாமணி சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, யாருக்காச்சும் ஒடம்பு கிடம்பு சரியில்லைங்களா?"

ஒரு வார்த்தை போதும். அவர் வாயைத் திறந்தார்.

"அட, சும்மா கேட்டேன். எனக்குத்தான்."

அவள் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

வீட்டில் காஸ் தீர்ந்து பத்து நாள். சிலிண்டருக்குப் பதிந்திருந்தது, வரவில்லை. குக்கரின் ரப்பர் வளையம் பிய்ந்து, பத்மாவதி அதை மாற்றச் சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது. இருந்தது மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று. ராமாமணி சொன்ன இருபது நிமிஷம் குக்கருக்கு என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

பத்மாவதி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அரிசிம்பருப்பு செய்யறேன்" என்று தெலுங்கில் சொன்னார். அவள் திரும்பிப் பார்த்தாள். சமையலறைப் பக்கம் அவர் போவதே அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். உதடு வெடித்திருந்தது.

டாக்டர் காரம் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் மிளகாயை எடுத்து வைத்தார். மிளகு அவர் கணக்கில் காரமே இல்லை. தொண்டை கட்டினால் அவர் அம்மா கொடுத்தது மிளகு, சளி பிடித்தால் பத்மாவதி பாலில் போட்டுத் தந்தது மிளகு. மிளகு மருந்து. ஒரு ஸ்பூனுக்கு இரண்டு ஸ்பூனாக நுணுக்கிப் போட்டார். தக்காளியும் இரண்டு போட்டார், சத்துக்கு.

சாப்பிடுவதற்கு முன் வாயில் ஊற்றி வைத்துக் கொப்பளிக்க ஒரு மருந்து கொடுத்திருந்தார்கள். வாய் மரத்துப் போகும், அரை மணி தாங்கும், அதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அரிசி போட்டுப் பத்து நிமிஷம் ஆனதும் அதைக் கொடுத்தார். கணக்கு சரியாக இருந்தது.

பருப்பு வேகவில்லை.

ஸ்டவ்வைப் பம்ப் அடித்தார். மூடியைத் திறந்து நசுக்கிப் பார்த்தார், கல்லாக இருந்தது. தண்ணீர் ஊற்றினார். மறுபடி பம்ப் அடித்தார். கால் மணி போயிற்று. அரை மணி போயிற்று. அறையிலிருந்து தட்டில் ஸ்பூனைத் தட்டும் சத்தம் இரண்டு முறை கேட்டது, அவள் தயாராக இருக்கிறாள் என்று. "வாரேன், வாரேன்" என்றார். அப்புறம் தட்டும் சத்தம் கேட்கவில்லை.

இறக்கி, கரண்டியால் மசித்து, விசிறி ஆற்றி எடுத்துப் போகும்போது முக்கால் மணிக்கு மேல் ஆகிவிட்டது.

அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முதல் ஸ்பூனை வாங்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தொண்டை ஏறி இறங்கியது. கன்னத்தில் தண்ணீர் ஓடியது.

"சூடா?" என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். இரண்டாவது ஸ்பூனுக்கு அவளாகவே வாயைத் திறந்தாள். அவருக்காகத்தான் திறந்தாள். அது அவருக்கு அப்போது தெரியவில்லை, சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது வாய் முந்தானையில் திரும்பி வந்தது, சிவப்பாக. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து ஸ்பூனைக் கீழே இறக்கினாள்.

அவர் அதே ஸ்பூனால் ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தார். காரமே இல்லை. உப்புக்கூடச் சரியாக இருந்தது. மெல்லும்போது பல்லிடையில் ஒரு மிளகுத் துணுக்கு அரைபட்டது.

மறுநாள் காலை எடை மெஷினின் முள் முப்பத்தொன்பதரையில் நின்றது.

குழாய் போடும்போது அவரை வெளியே நிற்கச் சொன்னார்கள். ஒரு முறை இருமல் கேட்டது. மறுபடியும் கேட்டது. கதவு திறந்தபோது பத்மாவதி அவரைப் பார்க்கவில்லை.

சிஸ்டர் சாயிரா பானு ஒரு நோட்டோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும்.

"இனி ஊட்ல இருந்தே கரைச்சுக் குழாயில ஊத்தணுமுங்க. அதுக்கு முன்னாடி நாலு விசயம் கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும். சர்க்கரை இருக்குதுங்களா அம்மாவுக்கு?"

"இல்லைங்க."

"முட்டை சேத்துவீங்களா?"

"சேத்துவோமுங்க."

"ஊட்ல இப்ப என்ன சாமான் இருக்குது?"

"அரிசி இருக்குதுங்க. துவரம்பருப்பு. ராகி மாவு கொஞ்சம். பால் வாங்கறோமுங்க."

"அடுப்பு?"

"காஸ் தீந்துபோச்சுங்க. மண்ணெண்ணெய் ஸ்டவ்தான்."

"குக்கர்?"

"ரப்பர் போயிருச்சுங்க."

"அத மொதல்ல மாத்திருங்க. மிக்ஸி இருக்குதில்ல? நல்லாக் கொழைய வேக வெச்சு, அரைச்சு, துணியில வடிகட்டோணும். தலைய ஒசத்தி வெச்சு மெதுவா ஊத்தோணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா." எழுதிக்கொண்டே கேட்டாள். "யாருங்க செய்வாங்க?"

"நாந்தானுங்க."

"வேலைக்குப் போறீங்கல்ல. நேரம் இருக்குமுங்களா?"

சென்னகேசவன் கதவு வழியே உள்ளே பார்த்தார். மூக்கின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பத்மாவதி விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்குதுங்க," என்றார். "எவ்வளவு வேணுமோ அவ்வளவு இருக்குதுங்க."