நான்காவது நிபந்தனை

சின்ன விஷயம் என்று சொல்லப்போகிறார். சொல்வதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கட்டும். ஒன்றும் நடக்காதது போல முகத்தை வைத்துக்கொள்ள எனக்குத் தெரியும். இப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பாஹிமா.

நளீம் கண்ணாடியைக் கழற்றினார்.

பாஹிமா சுவரைப் பார்த்தாள். கல்முனைக் கடைத்தெருவில், இரும்புக் கடை ஒன்றின் மேல்மாடியில், அவர் நடத்தும் மென்பொருள் நிறுவனத்துக்கு இருந்த ஒரே நல்ல சுவர் அது. சுனாமிக்குப் பத்து வருடம் நிறைய இன்னும் பன்னிரண்டு நாள். கடலோர வீடுகளுக்குச் சுனாமி எச்சரிக்கை அனுப்பும் கைபேசிச் செயலியின் முதல் வெளியீடு அந்த நாளில்தான். யுத்தம் முடிந்தபின் இந்தப் பக்கம் வரத் தொடங்கிய கொழும்பு அமைப்பு ஒன்று அதைச் செய்விக்கிறது. சுவரொட்டியும் அடித்துவிட்டார்கள்.

பாஹிமாவின் வேலை யூசர் ஸ்டோரி எழுதுவது. யாருக்கு, என்ன வேண்டும், எதற்காக என்று ஓர் அட்டையில் ஒரு தேவையை எழுதுவாள். எவையெல்லாம் நடந்தால் அது முடிந்ததாக ஏற்கப்படும் என்ற நிபந்தனைகள் அதன் கீழே வரும். அவள் கையெழுத்து வைத்தால்தான் அட்டை சுவரின் வலது ஓரத்துக்கு, முடிந்தவற்றோடு, போகும். பத்து அட்டைகள் போய்விட்டன. நடுவில் நின்றது பதினோராவது.

'கடலோரத்தில் வசிக்கும் தாயாகிய எனக்கு எச்சரிக்கை வந்தது உடனே தெரிய வேண்டும், பிள்ளைகளோடு நேரத்துக்கு வெளியேறுவதற்காக.'

அதன் நான்காவது நிபந்தனை: கைபேசி சத்தம் அணைத்த நிலையில் இருக்கும்போது எச்சரிக்கை வந்தால், அலாரம் ஒலிக்க வேண்டும். பார்த்துவிட்டதாக அழுத்தும்வரை அது நிற்கக் கூடாது.

திட்டம் போட்ட அன்று எல்லோரும் இதற்குத் தலையாட்டினார்கள். பாண்டிருப்பிலிருந்து வரும் சுஜிந்தன்தான் நிரல் எழுதுபவன். முதல் மூன்றையும் ஒழுங்காகச் செய்தான். நான்காவதைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தவன் மறந்துபோனான். அலுவலகத்துப் பரீட்சையில் ஆறு கைபேசிகளும் ஒன்றாகக் கத்தின. ஆறும் சத்தம் திறந்திருந்தவை.

அதனால்தான் நேற்று அவள் சாய்ந்தமருதுக்குப் போனாள். கடற்கரையோரம் இருக்கும் றம்ஸியா ராத்தாவின் கைபேசியில் செயலியைப் போட்டுக் கொடுத்து, பரீட்சை எச்சரிக்கை வரும், வந்தவுடன் எனக்குப் போன் அடியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். பகல் பன்னிரண்டே முக்காலுக்கு எச்சரிக்கை போனது. அழைப்பு வந்தது இரண்டரைக்கு. ளுஹர் தொழுகைக்காக ராத்தா சத்தத்தை அணைத்திருந்தாள். தொழுதபின் திறக்க மறந்து சமைக்கப் போய்விட்டாள். ஐந்து நேரமும் அணைப்பதும், இரண்டு நேரமாவது திறக்க மறப்பதும் இந்த ஊரில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

"அவ்வளவு நேரமும் உங்கட கடல் என்ட வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிண்டிருக்குமாக்கும்" என்றாள் ராத்தா. சிரித்தபடிதான் சொன்னாள். பத்து வருடத்துக்கு முன் அவளுக்கு மூன்று பிள்ளைகள். இப்போது ஒன்று.

சுஜிந்தன் தன் மறதியை மறுக்கவில்லை. அலாரம் அடிக்கும் வழியாகச் சத்தத்தை விட்டால் அணைத்த கைபேசியிலும் கேட்கும் என்றான். ஆனால் இந்தப் பக்கத்தில் ஓடும் மலிவுக் கைபேசிகள் ஒவ்வொன்றிலும் பரீட்சித்துப் பார்க்க இரண்டு கிழமை, பதினான்கு நாள், வேண்டும்.

"சின்ன விஷயம்தான் புள்ள" என்றார் நளீம். நான்காவதை இந்த அட்டையிலிருந்து எடுத்து, இரண்டாவது வெளியீட்டுக்குப் புது அட்டையாக எழுதச் சொன்னார். மிச்சம் மூன்றும் சரிதானே, கையெழுத்தை வை, பின்னேரம் கொழும்புக்கு முடிந்தவற்றின் பட்டியல் போக வேண்டும் என்றார். பிறகு குரல் இறங்கியது. "நானும் எங்கட உம்மாவக் கடலுக்குக் குடுத்தவன்தான். அந்த நாளில இது வெளிய வரோணும்."

அது பொய்யில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பொய் என்றால் கோபப்பட்டுவிடலாம். அட்டையைப் பிரிப்பதும் தப்பில்லை. வேறு அட்டைகளிலிருந்து வரைபடத்தையும், படம் அனுப்புவதையும் அவளே பிரித்துப் பின்னுக்குத் தள்ளினாள். அவற்றை வெட்டியபிறகும் மிச்சம் இருந்தது யாருக்காவது உதவும். இதில் நான்காவதை வெட்டினால் மேலே 'நேரத்துக்கு வெளியேறுவதற்காக' என்று எழுதியிருப்பதை என்ன செய்வது? செயலி இருக்கிறது என்று நம்பி ராத்தா கடலைப் பார்ப்பதையும் விட்டுவிடுவாள். அதை நளீம் நானாவிடம் சொன்னாள். சொன்னது தனக்கே பாடம் ஒப்புவிப்பது போலக் கேட்டது.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். நளீம் கைபேசியை எடுத்து, பார்க்காமலே சத்தத்தை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். அட்டையைச் சுவரிலிருந்து எடுத்து, பேனாவோடு அவள் முன்னால் வைத்துவிட்டுப் படி இறங்கினார்.

அவள் பேனாவை மூடினாள். அட்டையைக் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே, சுவரின் நடுவில் குத்தினாள். சுஜிந்தன் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நளீம் திரும்பி வந்து சுவரைப் பார்த்தார்.

"கையெழுத்து வெக்கல்லையா?"

"இல்ல நானா" என்றாள். "இது இன்னும் முடியல்ல."