மஞ்சள் போட்ட பாஸ்தா

ராஜினிக்குக் காலையிலிருந்தே கால் தரையில் படவில்லை. அக்கராயன் பொது மண்டபத்தில் அன்று ஒரு பிறந்தநாள் விருந்து. கனடாவிலிருந்து வந்த பிள்ளைக்கு ஆறு வயது, சாப்பிட அறுபது பேர். பிள்ளை கேட்டது பாஸ்தா. சமையல் சரியாக வந்தால் மண்டபக் குசினி வேலை அவளுக்கு நிரந்தரம் என்று தலைமைச் சமையல்காரர் யோகலிங்கம் வாக்குக் கொடுத்திருந்தார். ஸ்கந்தபுரத்தில் வீட்டு வாசலில் நூடில்ஸ் விற்றுக்கொண்டிருந்தவளுக்கு அது சின்ன விசயமா?

ஆனால் யோகலிங்கம் வந்த வான் மாங்குளத்தில் பழுதாகி நின்றுவிட்டது. மனிதர் கலங்கவில்லை, அங்கிருந்தே ராஜினியைக் கைப்பேசியில் அழைத்தார். பன்னிரண்டு வருசம் கட்டார் ஹோட்டலில் சமைத்தவர் கலங்குவாரா?

"பிள்ளை, எட்டு நிமிசத்தில ஒரு கோப்பையில போட்டு போட்டோ அனுப்புங்கோ. வெந்திட்டுதோ இல்லையோ எண்டு நான் பாத்தே சொல்லுறன். நான் சொல்லும் மட்டும் இறக்கக் கூடாது!"

"ஓம் அண்ணை" என்றாள் ராஜினி. குரலில் மட்டும் பயம் இருந்தது, கைகள் பறந்தன.

குழல் பாஸ்தா பதினைந்து பைக்கற். பத்து பைக்கற் கிளிநொச்சியில் வாங்கியது. போதாமல் போகவே மீதி ஐந்தும் ஸ்கந்தபுரம் கடையில் எடுத்தது. அடுப்பிலிருந்த பெரிய கிடாரம் ஒன்றில் பத்தும் மற்றதில் ஐந்துமாய்க் கொதிநீரில் விழுந்தன. ஒவ்வொன்றிலும் உப்போடு ஒரு கரண்டி மஞ்சளும் விழுந்தது. நூடில்ஸ் அவிக்கும்போது மஞ்சள் போடாத கை ராஜினியின் கை அல்ல.

எட்டாவது நிமிசம். இரண்டு கோப்பையில் அள்ளி, ஒட்டாமல் இருக்க எண்ணெய் விட்டு, படம் எடுத்து அனுப்பினாள். இரண்டும் தங்கமாய் மின்னின. பதில் நொடியில் வந்தது.

"ரெண்டும் அந்த மாதிரி! என்ன நிறம்! நல்ல ரவைப் பாஸ்தா, இன்னும் மூண்டு நிமிசம்."

ராஜினி குதூகலத்தில் ஒரு குழலை எடுத்துக் கடித்தாள். முதல் கிடாரத்துடையது பல்லுக்குள் நின்றது, கடித்த இடத்தில் நடுவே வெள்ளைப் புள்ளி தெரிந்தது. சரி, இன்னும் மூன்று நிமிசம் வேண்டியதுதான். இரண்டாவதில் புள்ளியே இல்லை, பல் பட்டதும் மெத்தென்று அறுந்தது, வெந்தேவிட்டது. அந்தக் கிடாரத்துத் தண்ணீரும் கஞ்சிபோலக் கலங்கித் தடித்திருந்தது.

உதவிக்கு நின்ற சுப்பம்மா வெறும் பைக்கற்றுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அதிலை என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள் ராஜினி.

"இந்தப் பத்திலையும் டூரம் கோதுமை ரவை, பதினொரு நிமிசம். இந்த ஐஞ்சிலையும் கோதுமை மா, எட்டு நிமிசம்."

ரவைப் பாஸ்தாவுக்கு மஞ்சள் நிறம் பிறவியிலேயே உண்டு, மாப் பாஸ்தா வெளிறித்தான் கிடக்கும். அந்த வெளிறலை ஒரு கரண்டி மஞ்சள் மறைத்துவிட்டது. யோகலிங்கம் பார்த்தது பாஸ்தாவை அல்ல, ராஜினியின் மஞ்சளை!

சொல் கேட்காவிட்டால் வேலை போகும். கேட்டால் இருபது பேருக்குக் களிதான். அழைத்துப் பார்த்தாள், மாங்குளத்தில் தொடர்பு கிடைக்கவில்லை.

"அக்கா, ரெண்டாவதை வடியுங்கோ! ஒரு பிடி மட்டும் தண்ணிக்குள்ள விடுங்கோ, அண்ணைக்குக் காட்ட வேணும்."

இருவரும் சிரித்துக்கொண்டே கிடாரத்தைச் சரித்தார்கள். பயத்திலும் சிரிப்பு வரும் என்று ராஜினிக்கு அன்றுதான் தெரிந்தது. மூன்று நிமிசம் கழித்து அந்த ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்து, முதல் கிடாரத்தையும் இறக்கினாள். வெள்ளைப் புள்ளி மறைந்திருந்தது.

யோகலிங்கம் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் இரண்டாம் தரம் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு தட்டிலிருந்தும் தின்று பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களே, போட்டோவிலையே பிடிச்சிட்டன்!"

ராஜினி வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை கையில். ஆனால் அடுத்த விருந்துக்கும் அவர் படம் கேட்பாரே. அவள் ஒரு சின்னக் கோப்பையை முன்னால் வைத்தாள். அதற்குள் குழலும் இல்லை, ஓட்டையும் இல்லை, மஞ்சள் களி மட்டும் இருந்தது.

"அண்ணை, கடைசி ஐஞ்சு பைக்கற்றும் மாப் பாஸ்தா. நீங்கள் சொன்ன மூண்டு நிமிசத்தில வந்தது இது. அதிலை மிச்சத்தை நான் உங்களைக் கேக்காமலே முந்தி இறக்கிப்போட்டன். மஞ்சள் போட்டது என்ர பிழை."

யோகலிங்கம் கோப்பையைச் சரித்துப் பார்த்தார், களி அசையவில்லை. கரண்டியைக் குத்தி நிறுத்தினார், அது நின்றது. அவருடைய தொந்தி குலுங்கத் தொடங்கியது. சுப்பம்மாவும் சிரித்தாள். மூவரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தன் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"திங்கட்கிழமை ஏழு மணிக்கு வாங்கோ பிள்ளை. இனி நீங்கள் கடிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ, நான் கேக்கிறன். மஞ்சளை மட்டும் வீட்டிலை வச்சிட்டு வாங்கோ."