பக்கத்துத் தொட்டிலின் நீல விளக்கு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. சிதம்பரம் ஆஸ்பத்திரியில், பிறந்து சில நாளே ஆன என் பேரனும், எதிர்வீட்டு இஸ்மாயிலின் பேத்தியும் மஞ்சளாக இருந்தார்கள். அவளை மட்டும் கண்ணை மூடிக் கட்டி நீல விளக்கின் கீழ் படுக்கவைத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"எங்க புள்ளைக்கும் போடும்மா," என்றேன் நர்ஸ் ஜான்சியிடம்.

"பொறந்த புள்ளைக்கு ரத்த அணு ஜாஸ்தி தாத்தா. அது உடையிறப்ப பிலிரூபின்னு ஒரு மஞ்சள் சத்து வரும். பிஞ்சு ஈரல் அதை மெதுவாத்தான் வெளியேத்தும், அதான் முக்காவாசி புள்ளைங்க மஞ்சளாவுது. வயசுக்கேத்த அளவைத் தாண்டினாத்தான் லைட்டு. அது பிலிரூபினைச் சுலபமா வெளியேற வைக்கும். உங்க பேரன் தாண்டல, பால் குடுங்க, போதும்."

"மஞ்சள்லயும் நாங்கதான் முந்துறோம் மச்சான்," என்றார் இஸ்மாயில்.

பொறுக்கவில்லை. காலியாயிருந்த இன்னொரு விளக்கின் கீழ் என் வழுக்கையை நீட்டினேன். அன்றிலிருந்து அது நீலமாக மின்னுகிறது. கடலூர் மீனவர்கள் அதைப் பார்த்தே கரை சேர்கிறார்கள்.

இத்தனைக்கும் எனக்குப் பிறவியிலேயே மஞ்சள், நீலம் என்று நிறம் எதுவும் தெரியாது.