முப்பத்திரண்டு ஆம்ப்

அக்கா போன் செய்தபோது நான் ஒரு கடை மாடியில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். சாதாரணமாக முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பாள். அன்று கேட்கவில்லை.

“ஃபேன் மூணும் கிளம்பவே மாட்டேங்குது. பிரேக்கரத் தூக்கிவிட்டா உடனே விழுந்துடுது. கோழியெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குதுடி. சீக்கிரம் வா.”

நான் எலக்ட்ரீசியன். அவளுடைய கோழிக் கொட்டகைக்குப் போன வாரம்தான் மூன்று பெரிய ஃபேன்களுக்குப் புது லைன் இழுத்துக் கொடுத்திருந்தேன். உள்ளே சூடு ஏறினால் கன்ட்ரோலர் தானாகவே அவற்றை ஓடவைக்கும், ஆறினால் நிறுத்தும். யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. குஞ்சு கொடுக்கும் கம்பெனி, இந்தத் தொகுதியைக் கரைசேர்த்தால்தான் அடுத்தது என்று கறாராகச் சொல்லியிருந்தது. அக்காவுக்கு இது முதல் தொகுதி. வெயிலோ மண்டையைப் பிளந்தது.

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. கொட்டகை வாசலில் இறங்கினால், உள்ளே மூன்று ஃபேன்களும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தன. போர்டு பக்கத்தில் அத்தான், கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

“வாங்க எஞ்சினியரம்மா. வேலை முடிஞ்சுபோச்சு. டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம்.”

நான் போட்ட பதினாறு ஆம்ப் பிரேக்கர் தரையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் முப்பத்திரண்டு. பழைய அரவை மோட்டாரின் போர்டிலிருந்து கழற்றி மாட்டியிருக்கிறார். எனக்குச் சுருக்கென்று ஏறியது. என் கோபம் குடும்பத்தில் பிரசித்தம்.

“அத்தான், பிரேக்கர் ஃபேனுக்குக் காவல் இல்ல, வயருக்குக் காவல். உள்ள போட்டிருக்கறது ரெண்டரை எம்எம் வயர். தகரக் கூரைக்கு அடியில, இந்தக் கொதிப்புல, அது தாங்கறதே கம்மி. அதுக்கு முப்பத்திரண்ட மாட்டினா வயர் வெந்தாலும் பிரேக்கர் கண்டுக்காது.”

“உன் பதினாறு ஓட விடலியேம்மா. இது ஓட விடுது. எது ஒசத்தி?”

கேள்வி குதர்க்கம்தான். ஆனால் என் பதினாறு ஏன் விழுந்தது? ஒரு ஃபேன் ஓடும்போது நாலரை ஆம்ப் எடுக்கும். மூன்றும் சேர்ந்தால் பதிமூன்றரை. பதினாறு தாராளம் என்றுதான் நானும் போட்டேன். சோதித்தும் பார்த்தேன். முதல் ஃபேனைப் போட்டேன், நடந்து போய் இரண்டாவதைப் போட்டேன், அப்புறம் மூன்றாவது. ஒன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் பொறி தட்டியது. மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது, ஒரு விநாடிதான், ஓடுவதைப்போல ஆறு மடங்கு கரன்ட் இழுக்கும். நான் நடந்து நடந்து போட்டதால் ஒன்று அடங்கிய பிறகுதான் அடுத்தது கிளம்பியது. கன்ட்ரோலர் நடக்குமா? அன்றுதான் முதன்முறையாக அந்த அளவு சூடு ஏறியது, ஏறியதும் மூன்றையும் ஒரே அடியில் தட்டிவிட்டது. எண்பது ஆம்ப். நான் வாங்கி மாட்டியதோ வீட்டு லைட்டுக்குப் போடுகிற வகை, அவ்வளவு பெரிய இழுப்பைக் கண்டால் அந்த நொடியே விழுந்துவிடும். மோட்டாருக்கான வகை சற்றுப் பொறுக்கும். அதைப் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும்படி கன்ட்ரோலரையும் அமைத்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது. வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தில் குரல் இன்னும் ஏறியது.

“அக்கா, ஒரு நிமிஷம் நிறுத்தறேன். பழைய பதினாற மாட்டிட்டு, கையால ஒவ்வொண்ணாப் போட்டுக்கலாம். ஓடும்.”

அக்கா போர்டை மறைத்துக்கொண்டு நின்றாள். முகம் வேர்வையில் நனைந்திருந்தது.

“நிறுத்தாத. இப்பத்தான் மூச்சு விடுதுங்க. மறுபடி விழுந்துட்டா?”

“விழாதுக்கா.”

“போன வாரமும் இதத்தான சொன்ன?”

அவள் கண்கள் கலங்கியிருந்தன. அக்கா அழுதால் எனக்குத் தாங்காது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஓடுகிற ஃபேன் இப்போதைக்கு ஓடத்தானே செய்கிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

“சரி. வெயில் கொஞ்சம் இறங்கட்டும்.”

உள்ளே போய்க் கூரையோரமாக ஓடும் வயர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. அங்கே எல்லாமே சுட்டது, அதனால் ஒன்றும் புரியவில்லை. தரையில் காய்ந்த மரத்தூள், அதன்மேல் சிறகை விரித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் கோழிகள். அத்தான் வாளியோடு வந்து தண்ணீர் தெளித்தார்.

கோடியிலிருந்து படாரென்று ஒரு சத்தம். கோழிகள் ஒரே கூச்சலாக ஒதுங்கின. நடு ஃபேனின் வாயில் திறந்து மூடும் பலகை ஒன்று கழன்று இறக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகிக்கொண்டுவிட்டது. மற்ற இரண்டின் இரைச்சலில், நடுவில் இருந்தது சுற்றாமல் உறுமிக்கொண்டிருப்பது சட்டென்று தெரியவில்லை. மாட்டிக்கொண்ட மோட்டார் கிளம்பும்போது இழுப்பதையே விடாமல் இழுக்கும். இருபத்தேழு. மற்றவை ஒன்பது. ஆக முப்பத்தாறு. என் பதினாறாக இருந்தால் ஒரு நிமிஷத்துக்குள் விழுந்திருக்கும். முப்பத்திரண்டுக்கு அது தூசு.

சில நிமிஷங்களில் வயர் கருகும் வாடை அடித்தது.

“நிறுத்துக்கா! மெயின நிறுத்து!”

நான் ஜெயிப்பதற்காகக் கத்துகிறேன் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். போர்டுக்கு ஓடிய என்னைக் கையை விரித்து மறித்தாள். “ஏன்டி இப்படிப் படுத்தற?” அவளை விலக்கிக்கொண்டு போய் மெயினை இறக்குவதற்குள், மேலே குழாய் தொய்ந்து வாய் திறந்தது. உருகிய உறை சொட்டுச் சொட்டாக மரத்தூளில் விழுந்து புகைந்தது. அத்தான் வாளியைக் கவிழ்த்து, வெறுங்காலால் மிதித்தார். நல்லவேளை, கையில் தண்ணீர் இருந்தது.

நெருப்பு அணைந்தது. ஆனால் ஃபேன் இல்லை. கொட்டகை அடுப்பாகிவிட்டது.

வெந்த வயரில் இனி ஒன்றும் ஓட்ட முடியாது. கிணற்று மோட்டாருக்குப் போட்டிருந்த நாலு எம்எம் கேபிளை வெட்டியெடுத்தேன். தரையோடு இழுத்து, ஓரத்து ஃபேன்கள் இரண்டுக்கும் கொடுத்து, பதினாறை மாட்டினேன். அவசரத்தில் திருகாணி இரண்டு முறை விழுந்தது. ஒரு ஃபேனைப் போட்டு, அது வேகம் பிடித்ததும் அடுத்ததைப் போட்டேன். பிரேக்கர் அசையவில்லை.

அதற்குள் சுவரோரமாகக் கோழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. எண்ணிப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை. பாதி பிழைத்திருந்தாலே அதிகம். அடுத்த தொகுதி வராது என்று மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

அத்தான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “நான் ஒருத்தன் மாட்டினதால...”

“இல்ல அத்தான். நான் போட்டது விழுந்ததாலதான நீங்க மாட்டினீங்க? பிரேக்கர் வகையத் தப்பாப் போட்டது நான். ஃபேனுக்கு ஒரு ஃபியூஸ்னு தனித்தனியா வெச்சிருந்தா, பலகை சிக்கின ஃபேன் மட்டும் நின்னிருக்கும். அதையும் நான் வெக்கல.”

அவர் காலைத் திருப்பிப் பார்த்தார். பாதத்தில் கொப்புளம் எழும்பியிருந்தது.

அக்கா ஒரு கோழியை மடியில் வைத்து அதன் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் வெளியே வழிந்தது. அவள் நிறுத்தவில்லை. நான் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

“திட்டுக்கா.”

நிமிர்ந்து பார்த்தாள்.

“வந்த உடனே உனக்குத் தெரிஞ்சுது இல்ல, வயர் தாங்காதுன்னு?”

“தெரிஞ்சுது.”

“அப்பவே நிறுத்தியிருந்தா?”

“பலகை செருகினப்ப பிரேக்கர் விழுந்திருக்கும். வயர் இருந்திருக்கும். மத்த ரெண்டையும் உடனே ஓட்டியிருக்கலாம்.”

கோழியை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தாள்.

“எல்லார்கிட்டயும் சண்டைக்கு நிப்பியே,” என்றாள். “என்கிட்ட மட்டும் ஏன்டி விட்டுக்கொடுத்த?”