அம்பு காட்டிய பக்கம்

கதவைத் தட்டக்கூட அவளுக்கு நேரமில்லை. தோளால் இடித்துத் திறந்துகொண்டு வெட்டும் அறைக்குள் பாய்ந்தாள்.

"அக்கா! மூணாம் பேட்ச் கட்டி மிச்சம் இருக்கா? சீக்கிரம் சொல்லுங்க!"

வெட்டும் அறைக்காரி காதிலிருந்த பஞ்சைச் சாவகாசமாக எடுத்தாள். அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ரம்பம். ரம்பத்தால் வெட்டுகிறவள் என்பது பாதிக் காரணம். வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்பது மீதிப் பாதி.

"என்ன டாக்டரம்மா, காலங்காத்தால மூச்சு வாங்குது? பின்னால நாய் ஏதும் துரத்துதா?"

டாக்டரம்மா என்பது இவளுக்கு ரம்பம் வைத்த பெயர். பட்டம் இன்னும் வரவில்லை. வருவதும் வராததும் இன்று பதினோரு மணிக்குத் தெரிந்துவிடும். மூன்று பேர் கொண்ட ஆய்வுக் குழு வருகிறது. இவளுடைய மூன்று வருட உழைப்பையும், அதில் செய்த, சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் மாட்யூலையும் பார்த்துவிட்டு, கொதிகலன் குழாயில் மாட்டிப் பார்க்கத் தகுதியா இல்லையா என்று சொல்லப் போகிறது.

"அக்கா, இதைப் பாருங்க." உள்ளங்கையை விரித்தாள். சாம்பல் நிறத்தில் வெப்பம் அளந்த ஒரு வில்லை, மின்சாரம் அளந்த ஒரு சின்னக் குச்சி. இரண்டும் ஒரே கட்டியிலிருந்து வெட்டியவை. காட்சிப் பெட்டியில் அடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது. இரண்டின் ஓரத்திலும் ஊசியால் கீறிய ஒரு அம்பு.

"அது நான் போடறது. எந்தப் பக்கமா பிரஸ் அழுத்துச்சோ அந்தப் பக்கம் அம்பு. எல்லாத்துலயும் போடுவேன். யாரும் கேட்டதில்லை, இருந்தாலும்..."

"வில்லையில அம்பு தடிமன் பக்கமா போகுது. குச்சியில குறுக்கே போகுது!"

ரம்பத்தின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. "அப்போ வெப்பத்தை ஒரு பக்கமும், கரண்டை வேற பக்கமுமா அளந்தீங்க?"

ஆமாம். அதேதான்.

அந்தக் கட்டி பிஸ்மத் டெல்லுரைடு என்ற சேர்மம். அது அப்படிப்பட்ட சரக்கு. சீட்டுக்கட்டு போல அடுக்கடுக்கான படிகம். பொடியாக்கிச் சூட்டில் அழுத்தினால், தட்டையான துகள்கள் படுத்த வாக்கில் படிந்துகொள்ளும். படுத்த அடுக்கோடு மின்சாரம் தாராளமாக ஓடும், வெப்பமும் ஓடும். அடுக்கைக் குறுக்கே கடக்க இரண்டுமே திணறும். இவள் மின்சாரத்தை அளந்தது அடுக்கோடு. வெப்பத்தை அளந்தது அடுக்குக்குக் குறுக்கே. இரண்டு பக்கத்திலும் நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துக் கணக்கில் போட்டிருக்கிறாள், தனக்கே தெரியாமல். சூட்டை மின்சாரமாக்கும் திறனைச் சொல்லும் தகுதி எண் 2.1 என்று வந்ததும் ஆராய்ச்சிக்கூடமே துள்ளிக் குதித்தது. கட்டுரையை அடுத்த வாரம் அச்சிடப் போகிறார்கள்.

"கட்டியை நிமிர்த்தி வச்சு, குச்சி வெட்டின பக்கமாவே ஒரு வில்லை வேணும். எவ்வளவு நேரமாகும்?"

"நாப்பது நிமிஷம். அவசரப்பட்டா உரிஞ்சிடும். இந்த மூணாம் பேட்ச் இருக்கே, வெங்காயம் தோத்துது போ! போன வாரம் மாட்யூலுக்குள்ள நிறுத்தற குட்டிக் கால்களை வெட்டும்போது என்னாச்சுன்னா..."

"அக்கா, கதை அப்புறம். ப்ளீஸ்."

ரம்பம் வாயை மூடிக்கொண்டாள். கை மட்டும் வேலை செய்தது. அந்தக் கையை டாக்டரம்மா இதுவரை நின்று பார்த்ததே இல்லை. கட்டியை மெழுகில் பதித்து, கோணத்தைக் கண்ணாலேயே ஒரு தரம், கருவியால் ஒரு தரம் சரிபார்த்து, வைரத்தூள் பூசிய கம்பியைத் தலைமுடி தொடுகிற மாதிரி இறக்கினாள். நடுவில் கம்பியின் சத்தம் ஒரு பொடி மாறியது. இயந்திரம் எதையும் காட்டவில்லை. ஆனால் ரம்பம் வேகத்தைக் குறைத்துவிட்டாள். முப்பத்தெட்டாவது நிமிடம் வில்லை ஒரு கீறல் இல்லாமல் கையில் வந்து விழுந்தது.

அளக்கும் அறைக்கு ஓட்டம். வில்லைக்குக் கரிப் பூச்சு. ஒரு முகத்தில் லேசர் பளிச்சென்று ஒரு முறை அடிக்கும்; மறுமுகம் எவ்வளவு நேரத்தில் சூடாகிறது என்று கருவி பார்க்கும். நேரம் ஆக ஆகத்தான் நல்லது. சூடு கடக்கத் தாமதமானால் வெப்பக் கடத்தல் குறைவு என்று அர்த்தம்.

தாமதமாகவில்லை.

பழைய அளவு 0.8. புதியது 1.3. கூட்டிக் கழித்துப் பார்த்தாள். 2.1 என்ற தகுதி எண், 1.3 என்று சுருங்கி உட்கார்ந்தது. எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிற சரக்கைவிட ஒரு நூல் உசத்தி, அவ்வளவுதான்.

மணி பத்து நாற்பது.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் தாளை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"வெட்டுற அக்காவுக்கு மட்டும் சார்."

"இன்னும் இருபது நிமிஷத்துல எல்லாருக்கும் தெரியணும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

ஒரு வார்த்தை அதட்டாத அந்த மனிதரை அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நானே சொல்றேன் சார்."

மிச்சமிருந்த நிமிடங்களில் புதிய எண்ணை வைத்து மாட்யூலுக்குக் கணக்குப் போட்டாள். நேற்று மாலைதான் அதை ஒட்டி முடித்தார்கள். இன்னும் சூடேற்றிப் பார்க்கவில்லை. அடியில் முப்பது டிகிரித் தண்ணீர், மேலே ஒரே அளவில் சூடு தரும் ஹீட்டர். சூடு கடக்கத் திணறத் திணற மேல்முகம் அதிகம் சூடேறும். பழைய கணக்குப்படி அது 166 டிகிரிக்கு ஏறும். புதிய கணக்குப்படி 140-இல் நின்றுவிடும்.

குழு வந்தது. தலைவி அதிகம் பேசாத பெண்மணி. அருகில் எழுதிக்கொண்டே இருந்த ஒருவர். மூன்றாமவர் வாழ்நாள் முழுக்கக் கொதிகலனோடு குடும்பம் நடத்திய பொறியாளர். அவர்தான் ஆரம்பித்தார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. இந்தச் சில்லு என்ன செய்யுது?"

"ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி சார். சூட்டுப் பக்கத்துல இருக்கிற மின்துகள்கள் குளிர்ந்த பக்கம் நகர்ந்து சேரும். அதனால ரெண்டு முனைக்கும் நடுவுல வோல்டேஜ் வரும். சீபெக் விளைவுன்னு பேரு. உங்க கொதிகலன்ல வெப்பநிலை பார்க்கிற தெர்மோகப்பிள் இருக்கே, அதுவும் இதே வித்தைதான்."

"அப்போ செம்புக் கம்பியே போதுமே?"

"உலோகத்துல டிகிரிக்கு வர்ற வோல்டேஜ் ரொம்பப் பொடிசு. இன்னொண்ணு, கரண்டோட சேர்த்து சூட்டையும் மறுபக்கம் கொட்டிடும். ரெண்டு பக்கமும் ஒரே சூடாகிட்டா வோல்டேஜ் எங்கே வரும்? கண்ணாடி சூட்டைப் பிடிச்சு வைக்கும். ஆனா கரண்டை விடாது. நமக்கு வேண்டியது நடுவுல நிக்கிற ஆள். கரண்டுக்குக் கதவைத் திறக்கணும், சூட்டுக்குச் சாத்தணும். டிகிரிக்கு நல்ல வோல்டேஜும் தரணும்."

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேடற மாதிரி இருக்கே! எல்லாக் குணமும் ஒரே ஆள்கிட்ட கேட்டா எப்படி?"

"அதுதான் சார் கஷ்டம். கரண்டை எடுத்துட்டுப் போற துகளே கொஞ்சம் சூட்டையும் தூக்கிட்டுப் போகும். அதைத் தடுக்க முடியாது. மிச்ச சூடு அணுக்களோட அதிர்வா போகுது. அதை மட்டும்தான் வழியில மறிக்க முடியும்."

பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள். எந்தப் பக்கம் எதை அளந்தாள், எண் எப்படி ஊதிப்போனது, காலையில் என்ன வந்தது, எல்லாவற்றையும். கட்டுரையைத் திரும்பப் பெறுவதையும் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த ரம்பம் தலையைக் குனிந்துகொண்டாள்.

தலைவி முதல்முறையாக வாயைத் திறந்தார். "சரி. மாட்யூலைப் போடுங்க. 140-ல நிக்கும்னு சொல்றீங்க. நிக்கட்டும், பார்ப்போம்."

ஹீட்டர் எரிந்தது. நூறு. நூற்று இருபது. மாட்யூலோடு இணைத்திருந்த சின்ன மின்விசிறி சோம்பல் முறித்துச் சுழல ஆரம்பித்தது. 135. 140.

நிற்கவில்லை.

145. 150. விசிறியின் இறக்கைகள் தெரியாமல் போயின. வட்டம் மட்டும் தெரிந்தது.

"அம்மா," என்றார் கொதிகலன்காரர், "உன் கணக்கு எங்கேயோ உதைக்குதே?"

டாக்டரம்மாவுக்கு வியர்த்தது. ஹீட்டரின் வாட் அளவைப் பார்த்தாள், சரி. தண்ணீர் ஓட்டம், சரி. தெர்மோகப்பிளை மாற்றிப் பார்த்தாள், அதே எண். ஏறி ஏறி, 160-இல் வந்து ஆணி அடித்த மாதிரி நின்றது. ஐந்து நிமிடம் பார்த்தார்கள். அசையவில்லை.

"அப்போ காலையில நீ திருத்தினதுதான் தப்பு, பழசே சரியா?" கேட்டவரின் குரலில் கிண்டல் இல்லை. தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைக்கிற மாதிரிதான் கேட்டார்.

அந்தக் கதவு ஒரு கணம் அழகாகத்தான் தெரிந்தது.

"இல்லை சார். பழசுன்னா 166 வந்திருக்கணும். புதுசுன்னா 140. இது ரெண்டும் இல்லை." காகிதத்தில் மளமளவென்று பின்னாலிருந்து கணக்குப் போட்டாள். "160 வரணும்னா வெப்பக் கடத்தல் 0.9 இருக்கணும். மூணாம் பேட்ச்ல எந்தப் பக்கம் திருப்பினாலும் 0.9 கிடையாது. இந்தக் கால்கள்..." பேனா நின்றது. "இது மூணாம் பேட்சே இல்லை."

"அக்கா." திரும்பினாள். "இப்போ சொல்லுங்க. போன வாரம் என்னாச்சு? முழுக் கதையும் சொல்லுங்க. யாரும் நடுவுல பேச மாட்டோம்."

ரம்பம் எழுந்து நின்றாள். கையோடு கொண்டுவந்திருந்த வெட்டும் அறைப் பதிவேட்டை நீட்டினாள். பக்கத்தை முன்பே மடித்து வைத்திருந்தாள்.

குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது:

"மாட்யூல் கால்கள். மூணாம் பேட்ச் மில்லிமீட்டர் அளவில் வெட்டினால் தாங்கவில்லை, உரிகிறது. பதினொரு கால் உடைந்தது. எனவே கழிவுப் பெட்டியில் கிடந்த ஏழாம் பேட்ச் வைத்து வெட்டினேன். ஒன்றுகூட உடையவில்லை. எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒரே மாதிரி வெட்டுப்படுகிறது. சொல்லப் போனேன். அப்புறம் என்றார்கள்."

ஏழாம் பேட்ச்! அரைக்கும் இயந்திரத்தை நிறுத்த மறந்துவிட்டு டாக்டரம்மா வீட்டுக்குப் போய்விட, இரண்டு நாள் தானாக ஓடி முகப்பவுடர் மாதிரி அரைபட்டுப்போன பொடி. அவ்வளவு நுணுக்கமான துகள் ஒரு பக்கமாகப் படிய வழியில்லை. திசையே இல்லாத சரக்கு. கோடிக்கணக்கான துகள் விளிம்புகள் அணுக்களின் அதிர்வை வழிநெடுக மறித்துக்கொண்டிருந்தன; மின்சாரம் மட்டும் கொஞ்சம் முனகிக்கொண்டு கடந்துபோனது. அப்போது அளந்ததில் வெப்பக் கடத்தல் 0.9, தகுதி எண் 1.5 என்று வந்தது. 2.1-க்குப் பக்கத்தில் அது குப்பை. கழிவுப் பெட்டியில் போடச் சொல்லிவிட்டாள். இன்று அந்த 2.1 இல்லை. 1.5 இருக்கிறது, கண்ணெதிரே விசிறியைச் சுற்றிக்கொண்டு.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "இதை யார் அனுமதிச்சது?"

ரம்பம் தயங்கினாள். பிறகு பதிவேட்டின் மீதிருந்த தன் கட்டைவிரலை மெதுவாக விலக்கினாள்.

அந்த வரிகளுக்கு அடியில், "படித்துப் பார்த்தேன், சரி" என்ற இடத்தில், டாக்டரம்மாவின் கையெழுத்து இருந்தது.