கட்டியாச்சு

முப்பத்தோரு வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் அப்துல் மஜீது முதலாளியின் மளிகை மொத்தக் கடையில் சேதுபதி போட்ட கூட்டலை இன்னொருவர் சரிபார்த்ததில்லை. அப்படிப்பட்ட எனக்கே அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தாளின் கணக்கு பிடிபடவில்லை.

பேங்கிலிருந்து வந்த தாள். வருமான வரிப் படிவத்தோடு வைக்க வேண்டிய வட்டிச் சான்று. உறையில் ‘திரு. சேதுபதி’ என்று என் பெயர், என் முகவரி. 1965-ம் வருஷத்துக்கு என்று தலைப்பு. நான் போன ஆகஸ்டு ஐந்தாம் தேதி மூவாயிரம் வெள்ளியைப் பன்னிரண்டு மாத டெபாசிட்டில் போட்டிருந்தேன். மகள் கல்யாணத்துக்கான பணம். தாளில் என்ன போட்டிருந்தது தெரியுமா? அசல் இரண்டாயிரம். கொடுத்த வட்டி இருபது. டிசம்பர் முப்பத்தொன்றில் இருப்பு: இல்லை.

இல்லை என்றால் என்ன அர்த்தம்? மூவாயிரம் இரண்டாயிரமானது எப்படி, அந்த இரண்டாயிரமும் ஒன்றுமில்லாமல் போனது எப்படி?

“என்னங்க, காப்பி ஆறுது” என்றாள் என் மனைவி பாக்கியலட்சுமி.

“காப்பியா? என் காசைத் தின்னுட்டானுங்க, காப்பியாம்!”

சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு விரைந்தேன். மாடிப்படி அடியில் என் மகன் பாலகிருஷ்ணன் வேலைக்குக் கிளம்பி நின்றான். துறைமுகத்தில் குமாஸ்தா. கல்யாணமாகி நாலு வருஷமாக எங்கள் வீட்டு மாடி அறையில்தான் அவனும் பெண்டாட்டியும். “எங்கப்பா இவ்வளவு அவசரமா?” என்றான்.

“உனக்கென்ன? ஃபிளாட்டு ஃபிளாட்டுன்னு குதிச்ச, முன்பணம் கட்டத் துப்பில்லாம இங்கயே கிடக்குற. நான் என் காசைத் தேடிப் போறேன்.”

ஒதுங்கி வழிவிட்டான். அவன் எப்போதும் அப்படித்தான், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அக்டோபரில் குவீன்ஸ்டவுனில் வீட்டு வாரிய வீடு கிடைத்தும் பணம் கட்டாமல் விட்டான். எங்கே போனது சம்பளமெல்லாம் என்று மூன்று மாதமாகக் கேட்டு அரித்துக்கொண்டிருந்தேன். அதே அக்டோபரில் நான் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தபோது ஆரஞ்சுப் பழம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தவன் அவன். ஆயிரத்து நானூறு வெள்ளி பில். அதைக் கட்டியவர் என் முதலாளி. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன், பெற்ற பிள்ளையைவிட முதலாளி மேல் என்று.

பஸ்ஸில் உட்கார முடியவில்லை. நின்றேன், நிற்கவும் முடியவில்லை. ராபிள்ஸ் பிளேஸில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனால் பேங்க் கதவு திறக்கப் பத்து நிமிஷம் இருந்தது. அந்தப் பத்து நிமிஷத்தில் தாளை இருபது தடவை பிரித்து மடித்தேன்.

டெபாசிட் மேசையில் தில்லையம்பலம் என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகத் தாளை வாங்கினார். அந்த நிதானமே எனக்கு ஆகவில்லை.

“எங்கே சார் என் காசு?”

“கொஞ்சம் இருங்கோ. ஒவ்வொண்டாப் பாப்பம். இது அசல், இரண்டாயிரம். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி வச்சது, பன்னிரண்டு மாதத்துக்கு. சொன்ன வட்டி நூற்றுக்கு ஐந்து. முழு வருஷம் விட்டிருந்தா நூறு வெள்ளி வந்திருக்கும்.”

“இருபதுதானே போட்டிருக்கு!”

“ஓம். ஏனெண்டா இடையில முறிச்சுப்போட்டீங்கள். பாருங்கோ, எடுத்த தேதி அக்டோபர் பன்னிரண்டு. முறிச்சா ஐந்து வீதம் இல்லை, இரண்டு வீதம்தான். இரண்டாயிரத்துக்கு ஆறு மாதம் இரண்டு வீதப்படி இருபது வெள்ளி. இந்த இருபதைத்தான் நீங்கள் வரிப் படிவத்தில எழுத வேணும். கைக்கு வந்தது இதுதானே.”

“அப்ப இதுக்குக் கீழ ‘சேர்ந்த வட்டி’ன்னு இருக்கே, அது?”

“வருஷ முடிவு வரைக்கும் ஏறியிருக்கிற வட்டி. ஆனா இன்னும் குடுக்கிற நாள் வரேல்லை. அதுக்கு இந்த வருஷம் வரி இல்லை, கைக்கு வாற வருஷம்தான் கணக்கு. முறிச்ச டெபாசிட்டில ஏற என்ன இருக்கு? அதால இல்லை எண்டு போட்டிருக்கு. ‘பிடித்த வரி’யும் இல்லை. நாங்கள் இஞ்ச இருக்கிறவையிட்ட வரி பிடிக்கிறேல்லை, நீங்கள் எழுதிக் குடுத்தா வரி ஆபீஸ் கணக்குப் பார்க்கும். கடைசியில இருக்கிறது இருப்பு. எல்லாத்தையும் எடுத்திட்டீங்கள், அதால இல்லை.”

“நான் எடுக்கவே இல்லைங்க!” மேசையைத் தட்டிவிட்டேன். பக்கத்து மேசைச் சீனப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “நான் வச்சது மூவாயிரம். ஆகஸ்டு மாசம். இதோ ரசீது!”

தில்லையம்பலம் ரசீது எண்ணையும் தாளின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. ஒரு பெரிய புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

“அய்யா, உங்கட முழுப் பேர்?”

“சேதுபதி, தகப்பன் பேர் இராமசாமி.”

“அதுதான்! புதுசா வந்த டைப்பிஸ்ட் பொண்ணு, தகப்பன் பேரைக் குடும்பப் பேர் எண்டு நினைச்சு, அந்தப் பேருக்கே உறை அடிச்சிருக்கிறா. உங்கட சான்று ‘திரு. இராமசாமி’ எண்டு வந்திருக்க வேணுமே?”

வந்தது. போன வாரம் வந்தது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன என் அப்பாவுக்கு யாருடா கடிதம் போடுகிறது என்று, பிரித்துக்கூடப் பார்க்காமல், ‘இவர் காலமாகிவிட்டார்’ என்று உறைமேல் எழுதித் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்தவன் நானேதான்.

தில்லையம்பலம் ஒரு கோப்பைத் திறந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. “ஓம், இஞ்ச இருக்கு. நீங்கள் செத்திட்டீங்கள் எண்டு கணக்கை நிறுத்தி வச்சிருக்கிறம்.”

அடையாள அட்டையைக் காட்டி உயிரோடு இருப்பதை நிரூபித்தேன். என் சான்றையும் காட்டினார். அசல் மூவாயிரம். கொடுத்த வட்டி இல்லை. சேர்ந்த வட்டி அறுபது வெள்ளி எண்பத்திரண்டு காசு. இருப்பு மூவாயிரம். என் காசு பத்திரம். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

பாதி மூச்சுதான் விட்டிருப்பேன். தில்லையம்பலம் அந்த முதல் தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். “இது வேற ஆளின்ர. நான் இவ்வளவும் கதைச்சிருக்கக் கூடாது. மன்னிக்க வேணும்.”

தாளை விடாமல் பிடித்துக்கொண்டேன். என் பெயரைக் குடும்பப் பெயராக வைத்து, என் முகவரியில், இன்னொருவன். சேதுபதியைத் தகப்பனாகக் கொண்டவன் அந்த வீட்டில் ஒருத்தன்தான்.

“இது என் மகனோடது. வீட்டுல கொடுத்துடுறேன்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் கையை எடுத்தார்.

அக்டோபர் பன்னிரண்டு. எனக்கு ஆபரேஷன் பதின்மூன்று. முதல் நாளே பணம் கட்டினால்தான் கத்தி வைப்போம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். “என் டெபாசிட்டைத் தொட மாட்டேன், ரெண்டு மாசம்தான் ஆகுது, இப்ப எடுத்தா ஒரு காசு வட்டி தர மாட்டான், செத்தாலும் பரவாயில்லை” என்று பாக்கியலட்சுமியிடம் கத்தினேன். மறுநாள் காலையில் முதலாளி வந்து ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று, “சேதுபதி, பில்லு கட்டியாச்சு, நிம்மதியா இரும்” என்றார்.

கட்டியாச்சு என்றார். நான் கட்டினேன் என்று அவர் சொல்லவே இல்லை. முப்பத்தோரு வருஷம் ஒவ்வொரு காசும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று கேட்டு எழுதிய நான், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் யார் கட்டியது என்று கேட்கவில்லை.

எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது. “ஆஸ்பத்திரி பில்லை யாரு கட்டினது?” என்றேன் மனைவியிடம்.

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “அதான் கட்டியாச்சே. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?” நிமிரவில்லை. இவளுக்கும் தெரியும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு நரகம். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. மாடியில் அவன் நடக்கிற சத்தம் கேட்டால் வாசலுக்குப் போனேன், அவன் கீழே வந்தால் கொல்லைக்குப் போனேன். வெட்கம். வேறென்ன சொல்ல? அந்தத் தாளை மறுபடி மறுபடி பார்த்தேன். இரண்டாயிரம் இருக்கிறது, இருபது இருக்கிறது. எனக்காக அவன் விட்ட எண்பது வெள்ளி எந்த வரியிலும் இல்லை. போன வீடும் இல்லை. நான் பேசிய பேச்சும் இல்லை.

நாட்காட்டிக்குப் பின்னால் வீட்டு வாரியக் கடிதம் ஒன்று செருகியிருந்தது. ஜனவரியில் வந்தது. இன்னொரு வீடு காலியாக இருக்கிறது, பிப்ரவரிக்குள் முன்பணம் ஆயிரத்து இருநூற்று நாற்பது வெள்ளி கட்ட வேண்டும் என்று. அவன் கட்டப்போவதில்லை, கையில் காசு இல்லை. பில் போக அந்த இரண்டாயிரத்தில் மிச்சமிருந்த அறுநூறில்தான் நான் கடைக்குப் போகாத இரண்டு மாதமும் அடுப்பு எரிந்திருக்கிறது. அதையும் முதலாளி கொடுத்த சம்பளம் என்றுதான் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை தில்லையம்பலம் முன்னால் போய் நின்றேன்.

“முறிக்கணும்.”

“அய்யா, ஆகஸ்டு வரைக்கும் பொறுத்தா நூற்றைம்பது. இப்ப எடுத்தா முப்பது வெள்ளிதான். சேர்ந்த வட்டி அறுபது எண்டு சான்றில கண்டதை நம்பிடாதேங்கோ, அது முழுக்காலம் விட்டாத்தான்.”

“தெரியும். நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. அடுத்த வருஷப் படிவத்துல முப்பதுன்னு எழுதிக்கிறேன்.”

ஆயிரத்து இருநூற்று நாற்பதை எண்ணி எடுத்து, மீதியை மகள் கல்யாணத்துக்கு மறுபடி டெபாசிட்டில் போட்டேன். குறைகிறதைச் சேர்க்க எனக்கு இன்னும் கல்லா வேலை இருக்கிறது. அங்கிருந்து நேராக வீட்டு வாரியத்துக்குப் போனேன்.

சாயங்காலம் பாலகிருஷ்ணன் வந்ததும் உறையை நீட்டினேன். “உன் கடிதம். என் பேருன்னு நினைச்சுப் பிரிச்சுட்டேன்.”

தாளைப் பார்த்தவன் முகம் வெளுத்தது. “படிச்சீங்களா?”

“வரி வரியாப் படிச்சேன். ஏன்டா என்கிட்ட சொல்லலை?”

“டெபாசிட்டை உடைக்க மாட்டேன், செத்தாலும் பரவாயில்லைன்னு கத்துனீங்களே, மாடி வரைக்கும் கேட்டுச்சு லா. எனக்குப் பரவாயில்லைன்னு இருக்க முடியலை.”

அவன் உறைக்குள் இன்னொரு தாள் இருப்பதைப் பார்த்து உருவினான். வீட்டு வாரியத்தின் ரசீது. இரண்டு தடவை படித்தான்.

“அப்பா, இது... யாரு?”

“கட்டியாச்சு” என்றேன்.